சுரைக்காய் ஜூஸ் கசக்குதா? ஒரு வாய்கூட குடிக்காதீங்க!

டெல்லியில் 2010-ல் சுரைக்காயும் பாகற்காயும் சேர்த்து அரைத்த ஜூஸைக் குடித்த விஞ்ஞானி ஒருவர் உயிரிழந்தார். அதே ஜூஸைக் குடித்த அவரது மனைவி சிகிச்சைக்குப் பின் பிழைத்தார்.

காரணம், குக்குர்பிட்டசின். சுரை, வெள்ளரி போன்ற கொடிகள் பூச்சிகளிடமிருந்து தப்பிக்க உருவாக்கும் கசப்புப் பொருள் இது. நாம் சமைக்கும் சுரைக்காயில் இது மிகக் குறைவு. ஆனால் ஏதோ ஒரு காயில் அதிகமாகிவிடும். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது, நாக்குதான் கண்டுபிடிக்கணும். பாகற்காய் சேர்த்துவிட்டால் அதுவும் முடியாது. கசப்பு எதிலிருந்து வருதுன்னே தெரியாமல் போய்விடும்.

விஷமானால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். சிலருக்கு ரத்த வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரசரவென இறங்கும். இதற்குத் தனியாக மாற்று மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதனால் 'பித்தம்'னு வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது.

இந்த மரணத்துக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிபுணர் குழு சொன்ன வழி ரொம்ப எளிது. அரைக்கும் முன் காயில் சின்னத் துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்க. கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் குப்பையில் போடுங்க. வேறு காய் ஜூஸோடு கலக்காதீங்க. சர்க்கரை கசப்பைத்தான் மறைக்கும், விஷத்தை அல்ல. வேகவைத்தாலும் அது போய்விடும்னு நம்ப முடியாது.