ஜாயினிங் போனஸை மீட்கும் ஷரத்தும் நஷ்ட ஈட்டின் அளவும்

ஒப்புக்கொண்ட காலம் முடிவதற்கு முன்னரே வேலையை விட்டு விலகும் ஊழியரிடம், அவர் சேர்ந்தபோது அளித்த ஜாயினிங் போனஸ் முழுவதையும் திரும்பக் கேட்கும் நிறுவனத்துக்கும், அதைத் தர மறுக்கும் அவருக்கும் இடையே எழும் விவகாரத்தில், ‘கையெழுத்துப் போட்டாயிற்று, ஆகவே கொடுத்தாக வேண்டும்’ என்ற ஒரே வாக்கியத்தோடு விசாரணை முடிந்துவிடுவதாகப் பலரும், சில வேளைகளில் வழக்கறிஞர்களுங்கூட, எண்ணிவிடுகின்றனர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அவ்வளவு சுலபமாகத் திருப்தியடைவதில்லை. அச்சட்டத்தின்படி ஊழியரின் கையெழுத்து உச்சவரம்பை மட்டுமே நிர்ணயிக்கிறது. அந்த வரம்புக்குள் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது நிறுவனம் அடைந்த நஷ்டமே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் 4,00,000 ரூபாய் ஜாயினிங் போனஸுடன் சேர்ந்தார் என்று கற்பித்துக்கொள்வோம். இருபத்துநான்கு மாதங்களுக்குள் விலகினால் தொகை முழுவதையும் திருப்பித்தர வேண்டும் என்று பணி நியமனக் கடிதம் சொல்கிறது. முதல் மாதச் சம்பளத்துடன் அத்தொகை வந்தபோது, அவருடைய வருமான அடுக்குக்கு உரிய 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதச் செஸ்ஸுமாக 1,24,800 ரூபாய் பிடிக்கப்பட்டு, 2,75,200 ரூபாய் அவர் கைக்குக் கிடைத்தது. பதினெட்டு மாதங்கள் உழைத்தபின் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அவர் விலகுகிறார்; நிறுவனமோ நான்கு லட்சத்தையும் கேட்கிறது.

ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இன்ன தொகை என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தாலும், பாதிக்கப்பட்டவர் பெறத்தக்கது அத்தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈடு மட்டுமே என்கிறது. நஷ்டத்தை நிரூபித்தாலும் நிரூபிக்காவிட்டாலும் என்று அப்பிரிவில் வரும் சொற்களைப் பற்றிக்கொண்டு, நஷ்டமே இல்லாவிடினும் தொகை கிடைக்கும் என்று வாதித்தவர்களுக்கு, 2015இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக விடையளித்தது: நஷ்டம் என்று ஒன்று நேர்ந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்க இயலுமானால் நிரூபித்தே ஆகவேண்டும், நிரூபிப்பது அசாத்தியமாகவோ மிகக் கடினமாகவோ உள்ள இடத்தில்தான், உண்மையான முன்மதிப்பீடாக இருப்பின், குறித்த தொகையைத் தரலாம். நாம் கற்பித்த ஊழியரின் பதினெட்டு மாத உழைப்பை அனுபவித்துவிட்ட நிறுவனம், முதல் மாதத்திலேயே ஓடிப்போனவரிடம் கேட்கும் அதே தொகையை இவரிடமும் கேட்கிறதென்றால், அந்தத் தொகை நஷ்டத்தின் முன்மதிப்பீடு அன்று என்பதற்கு வேறு சாட்சியம் தேடவேண்டியதில்லை.

நிறுவனத் தரப்பின் மிக வலிய வாதம் வேறு. போனஸ் என்பது இருபத்துநான்கு மாதங்கள் நிறைவுற்ற பின்னரே ஊழியருக்கு உரிமையாகும் ஒரு முன்பணம். அதுவரை அது கடன். கடனைத் திருப்பிக் கேட்பதில் நஷ்ட ஈட்டுக்கோ 74ஆம் பிரிவுக்கோ இடமில்லை என்று அவர்கள் சொல்வர். நியமனக் கடிதத்தில் அவ்வாறே தெளிவாக எழுதியிருந்தால் இவ்வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கடன் என்று வாதிக்கிற அதே நிறுவனம், அத்தொகையைச் சம்பளச் சீட்டில் ஊதியமாகக் காட்டி, ஊதியமாகவே வரி பிடித்து, படிவம் 16இலும் ஊதியமாகப் பதிந்திருக்கிறது. கடனுக்கு வரி பிடிப்பதில்லை. வரிப் பதிவு ஒன்றே முடிவான சாட்சியம் ஆகிவிடாது; எனினும் கடிதத்தின் வாசகம் இருபொருள்படும்போது, தரப்பினர் நடந்துகொண்ட விதத்தைக் காட்டுவதற்கு அந்தச் சம்பளச் சீட்டைக் காட்டிலும் நேரான ஆவணம் கிடையாது.

2025 மே 14ஆம் தேதி விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நிறுவனங்கள் இப்போது பெருமிதத்துடன் மேற்கோள் காட்டுகின்றன. ஓர் அதிகாரி மூன்றாண்டுகள் முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஷரத்து, தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தமும் அன்று, பொதுக் கொள்கைக்கு விரோதமானதும் அன்று என்று அத்தீர்ப்பு கூறியது மெய்யே. ஆனால் அது எந்த அடிப்படையில் கூறப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். பொதுத்துறை வங்கி, அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, திறந்த போட்டியின் வழியேதான் ஆள் எடுக்க முடியும். இடையில் ஒருவர் விலகினால் அந்தச் செலவும் கால தாமதமும் மறுபடியும் நேரும். அவ்வதிகாரியின் சம்பளத்தை நோக்க அத்தொகை மிகையும் அன்று என்றே நீதிமன்றம் கருதியது. அங்கு விசாரணைக்கு வந்தது மாற்று ஆள் தேடும் செலவு. தெரிந்தவர் சிபாரிசில் இரண்டு வாரத்தில் ஆள் பிடிக்கிற தனியார் நிறுவனத்துக்கு அந்த நியாயம் அப்படியே பொருந்தாது.

ஆகவே நம் உதாரணத்தில் நியாயமான அளவு, பணிபுரியாத ஆறு மாதங்களுக்கு உரிய கால் பங்கு, அதாவது 1,00,000 ரூபாய் என்பது என் அபிப்பிராயம். அதிலும் வரிச் சிக்கல் உண்டு. அந்த லட்சத்தில் ஊழியர் கைக்கு வந்தது 68,800 ரூபாய்தான். எஞ்சியது அரசிடம் போய்ச் சேர்ந்தது. போனஸும் மீட்பும் ஒரே நிதியாண்டில் நிகழ்ந்தால் நிறுவனமே ஊதியக் கணக்கைக் குறைத்து வரிப் பிடித்தத்தைச் சரிசெய்துவிடலாம். ஆண்டு மாறி, வருமானக் கணக்கும் தாக்கலாகிவிட்டால், திருப்பித்தந்த தொகைக்கு வரி மீட்பது பெரும்பாடு. அந்த வரி அவர் பெயரில்தானே கட்டப்பட்டது என்ற நிறுவனத்தின் மறுமொழியில் சத்தியம் இல்லாமலில்லை. ஆனால் வரி நிவாரணம் தேடும் வழி ஏறத்தாழ அடைபட்டுப்போன பிறகு முழுத் தொகையையும் கேட்பது, அவர் ஒருநாளும் கண்டிராத பணத்தை அவரிடம் கேட்பதாகும். போதாக்குறைக்குச் சில மனிதவளப் பிரிவுகள் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கேட்கின்றன. குறைந்தபட்சக் காலத்துக்கு முன் விலகுவோரிடம் பெறும் தொகை எந்தச் சேவைக்கும் பிரதிபலன் அன்று, அதற்கு வரி இல்லை என்று 2022 ஆகஸ்டு 3ஆம் தேதிய மத்திய அரசின் சுற்றறிக்கை விளக்கிவிட்டது.

நடைமுறையில் வழக்கு நியாயஸ்தலத்தை எட்டுவதே அபூர்வம். நிறுவனம் கடைசிச் சம்பளத்தையும் விடுப்புக்குரிய பணத்தையும் இறுதிக் கணக்கில் பிடித்துக்கொண்டு, ரிலீவிங் லெட்டரையும் நிறுத்திவைக்கிறது. புதிய வேலைக்கு அக்கடிதம் தேவைப்படுகிறவர் பணிந்துவிடுகிறார். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு 2 வேலை நாட்களுக்குள் ஊதியம் தரப்படவேண்டும். பிடித்தங்கள் ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது. முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள அத்தொகுப்பு அனுமதிக்கிறது. நஷ்ட ஈட்டைத் தன்னிச்சையாக மதிப்பிட்டுப் பிடித்துக்கொள்ள அனுமதிக்கவில்லை. எனவே ஊழியர் எழுதும் பதில், கடனை ஒப்புக்கொள்ளும் வாசகம் எதுவும் இல்லாமல், உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற குறிப்புடன், கணக்கீட்டின் விவரத்தையும் நேர்ந்த நஷ்டத்தின் விவரத்தையும் கோருவதாகவும், கால விகிதப்படியான தொகையைத் தர முன்வருவதாகவும் அமைவது உசிதம். ரிலீவிங் லெட்டருக்காகப் பணம் கட்டவே நேர்ந்தால், ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதிவைத்தே செலுத்தவேண்டும். விஜயா வங்கி அதிகாரியும் அவ்வாறு செலுத்திய பின்னரே வழக்காடினார்.

கலிபோர்னியா மாநிலம் 2026 ஜனவரி 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களுக்குக் கால விகித மீட்பைச் சட்டமாகவே எழுதிவிட்டது: ஜாயினிங் போனஸுக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும், காலவரையறை இரண்டாண்டுகளுக்கு மேற்படக்கூடாது, எஞ்சிய காலத்துக்கு விகிதப்படியே, வட்டியின்றி, திரும்பப் பெறலாம். நமது ஊதியச் சட்டத்தொகுப்பில் அத்தகைய வாசகம் எதுவும் இல்லை. அது சேர்க்கப்படும் வரையில் ஊழியருக்குக் கைகொடுப்பது 74ஆம் பிரிவு ஒன்றே.