பாய்லர் எரிவாயுவை மிச்சப்படுத்துமா? திரும்பி வரும் தண்ணீரைக் கவனியுங்கள்

சிங்கப்பூரில் வீட்டைக் குளிர்விக்கத்தான் செலவு. பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போனால் எல்லாம் தலைகீழ். குளிர்காலத்தில் எரிவாயுக் கட்டணம் கையைக் கடிக்கும்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. அறைக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு அதே தண்ணீர் பாய்லருக்குத் திரும்புகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005இலிருந்து பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, 'கண்டென்சிங்' வகையைச் சேர்ந்தவை.

அதென்ன கண்டென்சிங்?

எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. பழைய பாய்லர்களில் அது புகையோடு வெளியே போய்விடும். புதிய வகையில் அந்த நீராவி மீண்டும் நீராகி, தன்னிடமுள்ள வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும். எரிவாயுவின் மொத்த வெப்பத்தில் அது சுமார் 10 விழுக்காடு.

ஆனால் ஒரு நிபந்தனை. புகை சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால்தான் நீராவி நீராகும். புகையைக் குளிர்விப்பது எது? ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் தண்ணீர்தான். ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்புறம் வேர்க்குமே, அதே கதைதான். கிளாஸ் சூடாக இருந்தால் வேர்க்குமா?

பல வீடுகளில் பாய்லர் தண்ணீரை 80 டிகிரியில் அனுப்புகிறது. 20 டிகிரி இறங்கினாலும் 60இல்தான் திரும்பும். நீராவி அப்படியே வெளியேறிவிடும். 60இல் அனுப்பினால்? 40இல் திரும்பும். இப்போதுதான் பாய்லர் தன் பெயருக்கேற்ப வேலை செய்யும்.

எதை மாற்றுவது?

பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட பொத்தான் இருக்கும். அதை 60க்குக் குறையுங்கள். குழாய் படம் போட்டது குளிக்கும் வெந்நீருக்கானது, அது வேறு. சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டையும் தொட வேண்டாம்.

வீட்டில் தனி வெந்நீர்த் தொட்டி இருந்தால் அவசரப்படாதீங்க. லெஜியனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டி நீர் 60 டிகிரி வரை சூடாக வேண்டும். அந்த அமைப்பில் பாய்லரைக் குறைத்தால் தொட்டிக்கும் சூடு போதாமல் போகலாம். முதலில் தொழில்நுட்பரைக் கேளுங்கள்.

இதில் இழப்பும் உண்டு. 20 டிகிரி அறையில், 80இல் கொடுத்த வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் ரேடியேட்டர் 60இல் கொடுக்கும். வீடு சூடாக நேரமாகும். ஹீட்டரை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கடுங்குளிரில் அறை 20 டிகிரியை எட்டவே இல்லையா? ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பாய்லரிலிருந்து கழிவுநீருக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் தொடர்ந்து சொட்ட வேண்டும். 60க்குக் குறைத்தும் சொட்டவில்லையென்றால், திரும்பும் குழாயின் வெப்பத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு ரேடியேட்டரின் வால்வு அளவுக்கு மீறித் திறந்திருந்து, தண்ணீர் சூடு ஆறாமலே திரும்பி ஓடிவரலாம். வால்வைக் கொஞ்சம் மூடினாலே சரியாகிவிடும்.