மாற்றுத்திறனாளியைப் பராமரிப்போருக்கான வரிக் கழிவு (பிரிவு 80டிடி)

இந்திய வருமான வரிச் சட்டம், 1961-இன் 80டிடி பிரிவு, தம்மைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு வரிக் கழிவு அளிக்கிறது. ஊனத்தின் அளவு 40 சதவீதம் முதல் 80-க்குள் இருந்தால் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் மொத்த வருமானத்திலிருந்து கழிக்கப்படும். இந்தத் தொகைகள் 2015 நிதிச் சட்டத்தில் நிர்ணயிக்கப்பட்டவை. அதற்கு முன் முறையே 50,000, 1,00,000 ரூபாயாக இருந்தன. 1961 சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய சட்டத்தில் இதே கழிவு 127ஆம் பிரிவாக இடம்பெறுகிறது.

செலவு எவ்வளவு ஆனாலும் கழிவு மாறாது என்பதே இதன் தனித்தன்மை. சிகிச்சை, செவிலியர் கவனிப்பு, பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றுக்கு ஆண்டில் 20,000 ரூபாய் செலவிட்டவருக்கும் முழு 75,000 உண்டு. மூன்று லட்சம் செலவிட்டவருக்கும் அதே 75,000தான். ஆனால் ஏதேனும் செலவு உண்மையாகவே ஆகியிருக்க வேண்டும். செலவுக்குப் பதிலாக, அங்கீகரிக்கப்பட்ட காப்பீட்டுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளியின் பராமரிப்புக்காகப் பணம் கட்டியிருந்தாலும் போதும்.

கோருபவர் இந்தியாவில் வசிக்கும் தனிநபராகவோ, இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருக்க வேண்டும். தனிநபருக்குக் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர் மட்டுமே ‘சார்ந்திருப்போர்’. மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி இதில் வரமாட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது வரம்பு இல்லை. நாற்பது வயது மகனும், பராமரிப்புக்கு முழுமையாகவோ பெருமளவோ பெற்றோரையே நம்பியிருந்தால் சார்ந்திருப்பவர்தான். மாற்றுத்திறனாளி தமக்கென்று 80யு பிரிவில் கழிவு கோரியிருந்தால் குடும்பத்தார் 80டிடியில் கோர முடியாது.

மருத்துவச் சான்றிதழில் இருக்கும் சதவீதமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 38 என்று எழுதியிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 78-க்கும் 80-க்கும் இடையே 50,000 ரூபாய் வித்தியாசம். ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகை ஊனம் ஆகியவற்றுக்குப் படிவம் 10-ஐஏ தேவை. சில சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். அந்தத் தேதி கடந்தால், மறுமதிப்பீடு செய்து புதிய சான்றிதழ் வாங்காமல் அடுத்த ஆண்டுகளுக்குக் கழிவு கோர முடியாது. வளரும் குழந்தைகளின் பெற்றோர் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

காப்பீட்டு வழியில் நெடுநாள் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பணம் கட்டிய பெற்றோர் இறந்த பிறகுதான் பிள்ளைக்குத் தொகை கிடைக்கும் என்பது நிபந்தனை. இதை எதிர்த்து ஒரு தந்தை தொடுத்த வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விதியை ரத்து செய்ய மறுத்தாலும், திருத்தம் குறித்துப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்குச் சொன்னது. 2022 நிதிச் சட்டம் விதியைத் தளர்த்தியது. பணம் கட்டுபவர் 60 வயதை எட்டி, மேற்கொண்டு கட்டுவதை நிறுத்திவிட்டால், அவர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குத் தொகை வரலாம்.

இன்று இந்தக் கழிவின் பயனைத் தீர்மானிப்பது வேறொன்று: புதிய வரி முறையில் 80டிடி கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல், நாம் வேறாகத் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறையே பொருந்தும். எனவே கழிவு கோருவதற்கு முன் இரு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

2025-26-இல் 18 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும், 60 வயதாகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மகளுக்கு 85 சதவீத ஊனம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி சேமிப்பு 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, மருத்துவக் காப்பீடு 25,000 ஆகியவற்றோடு 80டிடி 1,25,000-ஐயும் கழித்தால் 12,50,000 மிஞ்சும். இதற்கு 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து வரி 1,95,000 ரூபாய். 80டிடி இல்லாவிட்டால் 2,34,000 கட்டியிருப்பார். ஆக 39,000 மிச்சம். ஆனால் அதே சம்பளத்துக்குப் புதிய முறையில், 75,000 நிலையான கழிவு போக, வரி 1,50,800 மட்டுமே. முழுக் கழிவையும் பெற்ற பிறகும் பழைய முறையில் 44,200 ரூபாய் அதிகம்.

இவருக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமானால், வீட்டு வாடகைப் படி போன்ற ஏதாவது ஒன்றின் வழியே மேலும் சுமார் 1,42,000 ரூபாய் கழிவு இருக்க வேண்டும். வெளியூரில் சொந்த வீட்டுக்குக் கடன் கட்டிக்கொண்டு, வேலை பார்க்கும் ஊரில் வாடகைக்கு இருப்பவருக்கு அது அமையலாம். 12,75,000 ரூபாய் வரை சம்பளம் மட்டுமே வாங்குபவருக்கோ புதிய முறையில் வரியே இல்லை. அவர் 80டிடியைத் தேடிப்போக வேண்டியதில்லை.