கூட்டாண்மைக் கலைப்பு

கூட்டாண்மைக் கலைப்பு என்பது கூட்டு வணிகத்தை நிறுத்தி, சொத்துகளை விற்று, கடன்களை அடைத்து, மிஞ்சியதைக் கூட்டாளிகள் பிரித்துக்கொள்வது. இந்தியாவில் இதற்கான விதிகள் முதலில் 1872 ஒப்பந்தச் சட்டத்தில் இருந்தன. இங்கிலாந்தின் 1890 கூட்டாண்மைச் சட்டம் தன் 44ஆம் பிரிவில் யாருக்கு முதலில் பணம் என்ற வரிசையை வகுத்தது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932, தன் 48ஆம் பிரிவில் அதையே பெரும்பாலும் பின்பற்றியது.

அந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள் வெளியார். அவர்கள் கடன் தீர்ந்த பிறகே நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த கூட்டாளிக்கு அது திரும்பும், அதன்பின் முதல், அதற்கும் மேல் மிஞ்சினால் இலாப விகிதத்தில் பங்கு. பற்றாக்குறை வந்தால் முதலில் இலாபத்திலிருந்தும், பிறகு முதலிலிருந்தும், கடைசியில் கூட்டாளிகளின் சொந்தக் கையிலிருந்தும் ஈடுகட்ட வேண்டும்.

இவ்வளவையும் கணக்கில் காட்டத் தீர்வுக் கணக்கு திறக்கப்படுகிறது. ரொக்கம் தவிர்த்த சொத்துகள் ஏட்டு மதிப்பில் அதன் பற்றுப் பக்கம் போகும். வெளியார் கடன்களும் விற்ற பணமும் வரவுப் பக்கம். கடனை அடைத்த தொகையும் விற்பனைச் செலவும் பற்றில் சேரும். இருப்பாக நிற்கும் இலாபமோ நட்டமோ கூட்டாளிகளின் முதல் கணக்குகளுக்குப் போகும். கூட்டாளி தந்த கடனை இங்கே நுழைப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு; அதைத் தனிக் கணக்கிலேயே தீர்க்க வேண்டும்.

கூட்டாளி ஒருவர் நொடித்துப்போனால்தான் சிக்கல். அதற்கான விடையை 1903இல் கார்னர் – முர்ரே வழக்கில் நீதிபதி ஜாய்ஸ் தந்தார். கார்னர், முர்ரே, வில்கின்ஸ் மூவரும் இலாபத்தைச் சமமாகப் பிரித்தவர்கள். முதல் மட்டும் சமமில்லை. கார்னருக்கு 2,500 பவுண்டு, முர்ரேக்கு 314. வில்கின்ஸோ நிறுவனத்துக்கு 263 தர வேண்டியவர், தரவும் இயலாதவர். வெளியார் கடன் தீர்ந்தபின் இருந்தது 1,916 பவுண்டு. நட்டம் 635, ஆளுக்கு ஏறத்தாழ 212. தன் பங்கு நட்டத்தையும் சேர்த்தால் வில்கின்ஸின் பாக்கி 475.

அதை இருவரும் சமமாகச் சுமந்தால் முர்ரே, தன் முதலையும் இழந்து, கையிலிருந்து சுமார் 135 பவுண்டு கட்டியிருப்பார். ஜாய்ஸ் வேறு வழி சொன்னார். இருவரும் தங்கள் நட்டப் பங்கை மட்டும் செலுத்துவது; வில்கின்ஸின் பாக்கியைச் சமமாக அல்ல, கடைசியாக ஒப்புக்கொண்ட முதலின் விகிதத்தில் தாங்குவது. அப்போது கார்னருக்கு 422, முர்ரேக்கு 53. இறுதியில் கார்னர் ஏறத்தாழ 1,867 பவுண்டும், முர்ரே 49 பவுண்டும் பெறுவார்கள். சிறிய முதல் போட்டவருக்கு இது இலாபம். பெரிய முதல் போட்டவர் முணுமுணுக்கக் காரணம் உண்டு.

கூட்டாண்மை ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால் இந்த விதி விலகும். இந்திய வணிகவியல் பாடநூல்கள் இதை இன்றும் கற்பிக்கின்றன. முதல் நிலையாக இருக்கும் நிறுவனத்தில் அந்த முதலே அளவு. மாறும் முதலாயின் கலைப்புக்குச் சற்று முன் காப்பு நிதியையும் பகிராத இலாபத்தையும் சேர்த்த தொகையே அளவாகும். முதல் கணக்கில் பற்று இருப்பு வைத்திருந்த கூட்டாளி வசதியானவராக இருந்தாலும் நொடித்தவரின் பாக்கியில் பங்கேற்க வேண்டியதில்லை. அளக்க அவருக்கு முதல் இல்லை.