சராசரி எடுத்த ரெண்டு பேர்: கிராங்க், நிக்கல்சன், 1947

ஒரு பொருளுக்குள்ள வெப்பம் எப்படிப் பரவுது என்பதைச் சொல்லுற சமன்பாட்டை ஃபூரியே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். ஆனால் எழுதுவது வேறு, விடையை எண்ணாக எடுப்பது வேறு. 1940களில் மன்செஸ்டரில் இருந்த ஜோன் கிராங்க், பிலிஸ் நிக்கல்சன் ரெண்டு பேருக்கும் முன்னால இருந்த கணக்கு இன்னும் சிக்கல். சூடாகும் பொருளுக்குள்ளேயே வேதியியல் தாக்கம் நடந்து புது வெப்பம் உருவாகும். அந்தத் தாக்கத்தின் வேகமும் வெப்பநிலையோட மாறும். இதுக்குச் சூத்திரமாக விடை கிடையாது. கைக்கணிப்பானை வைத்துக்கொண்டு படிப்படியாகத்தான் போகவேண்டும்.

நேரடியான வழி இதுதான்: ஒரு கம்பியைச் சம இடைவெளியில் புள்ளிகளாகப் பிரி. ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகளை விட எவ்வளவு சூடு என்று இப்ப பார்த்து, அடுத்த நேரப் படியில் எவ்வளவு மாறும் என்று கணி. இதில ஒரு எண் முக்கியம்: `r = αΔt/Δx²`. α என்பது பொருளின் வெப்பப் பரவல் திறன், Δt நேரப் படி, Δx புள்ளிகளுக்கு இடையிலான தூரம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பம். ஐந்து புள்ளிகள், ரெண்டு முனையும் எப்பவும் 0 பாகை, நடுப்புள்ளி மட்டும் 100. r = 1 என்று வையுங்கோ.

```
தொடக்கம்:  0     0    100     0   0
படி 1:     0   100   -100   100   0
படி 2:     0  -200    300  -200   0
```

சூடான கம்பி ஆறவேண்டியது, 300 பாகைக்குப் போயிட்டுது! கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஒரு புள்ளி தன்ர பழைய நிலையை மட்டும் பார்த்து நீளமாகப் பாயுது. பாய்ந்து முடியிறதுக்குள்ள பக்கத்துப் புள்ளிகளும் மாறிவிட்டதை அது கவனிக்கேல்ல. இதைத் தவிர்க்க r அரைக்கு மேல போகக்கூடாது. அதன் விலை பெரிசு. இடைவெளியைப் பாதியாக்கினால் நேரப் படியைக் காற்பங்காக்க வேண்டும், அப்ப மொத்த வேலை எட்டு மடங்கு.

இதுக்கு முதல், 1910இல் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் இன்னும் துல்லியமான ஒரு முறையைக் கொடுத்திருந்தார். ஆனால் அது எவ்வளவு சின்னப் படி வைத்தாலும் கடைசியில் வெடிக்கும். அவர் செய்து காட்டிய கணக்கில் படிகள் குறைவு என்பதால் அது வெளியில் தெரியேல்ல.

கிராங்கும் நிக்கல்சனும் 1947இல் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட வழி எளிமையானது: வெப்பம் பாயும் அளவை இப்போதைய நிலையிலிருந்து மட்டும் எடுக்காதே; இப்போதைய நிலைக்கும் அடுத்த நிலைக்கும் சராசரி எடு. அடுத்த நிலைதான் இன்னும் தெரியாதே? அதனாலதான் எல்லாப் புள்ளிகளுக்கும் சமன்பாடுகளை எழுதி ஒன்றாகத் தீர்க்கவேண்டும். ஒவ்வொரு சமன்பாட்டிலும் அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் மட்டும் வருவதால் அது பெரிய பாரமில்லை. அதே கம்பி, அதே r = 1:

```
தொடக்கம்:  0    0    100     0    0
படி 1:     0  28.6  14.3  28.6   0
படி 2:     0   8.2  18.4   8.2   0
```

ஏன் வெடிக்கேல்ல? எந்த வெப்பநிலைப் படத்தையும் அலைகளாகப் பிரிக்கலாம். அதில ஆபத்தானது ஒரு புள்ளி மேல, அடுத்தது கீழ என்று போகிற பல்லுப் பல்லான அலை. நேரடி முறையில் ஒவ்வொரு படியும் அதை கிட்டத்தட்ட `1 - 4r` ஆல் பெருக்கும். r = 1 என்றால் −3; மேலே −100 எப்படி 300 ஆச்சு என்று இப்ப விளங்கும். சராசரி முறையில் பெருக்கும் எண் `(1 - 2r)/(1 + 2r)`. பழைய பாதி மேலே கழிக்குது, புதிய பாதி கீழே கூட்டுது. r எவ்வளவு பெரிசானாலும் கீழே உள்ளதுதான் பெரிது. அதனால விடையின் அளவு எப்பவும் 1ஐ விடக் குறைவு. மற்ற அலைகளுக்கும் இதே கதைதான். இப்படி அலையலையாகச் சோதிப்பது ஃபொன் நொய்மனின் வழி. அது முதலில் அச்சில் வந்ததும் இதே கட்டுரையில்தான்.

ஆனால் வெடிக்காது என்பதும் சரி என்பதும் ஒன்றல்ல. படி 1ஐத் திரும்பப் பாருங்கோ: நடுப்புள்ளி பக்கத்துப் புள்ளிகளை விடக் குளிராக இருக்கு. உண்மையான கம்பியில் அப்படி நடக்காது. r = 100 என்றால் அந்த எண் ஏறக்குறைய −0.99, பல்லு அலை ஒவ்வொரு படியும் குறி மாறிக்கொண்டு மிக மெதுவாகத்தான் சாகும். விடை படிக்குப் படி மேலும் கீழும் ஆடினால் அதுதான் அடையாளம். திடீர் மாற்றத்தோட தொடங்கும் கணக்குகளில் முதல் சில படிகளுக்கு மட்டும் புதிய நிலையை மாத்திரம் பயன்படுத்துவார்கள். அப்ப பெருக்கும் எண் `1/(1 + 4r)`, குறி மாறாது. துல்லியம் குறைவு என்பதால் ஆட்டம் அடங்கினதும் சராசரிக்குத் திரும்பிவிடுவார்கள்.

கிராங்க் பிறகு பரவல் கணிதத்திலேயே தொடர்ந்தார். நிக்கல்சன், கணவர் ரயில் விபத்தில் இறந்தபின், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த விரிவுரையாளர் பதவிக்கு வந்தார், 1968இல் காலமானார். ரெண்டு பேரின் பெயரும் அந்த ஒரு சராசரியோட சேர்ந்தே நிக்குது.