தாராபுரத்து மாப்பிள்ளைப் படம்

மன்னார்த் தீவின் தாராபுரத்து மாப்பிள்ளை ஒருவர் எழுபதுகளில் ஸ்டூடியோவில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. அகன்ற மடிப்புக் கொலர் வைத்த கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது தீவு முஸ்லிம்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். உடுப்புகளுக்கு நடுவே இந்தப் படமும் போனது. வழியில் உப்புத் தண்ணீர் பட்டு, அவருடைய இடது மார்பில் கோட்டுப் பையும் கொலரின் வெளி ஓரமும் கறையாகிவிட்டன. புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, போர் முடிந்தபின் குடும்பத்தோடு ஊர் திரும்பியது.

அதை என்னிடம் கொண்டுவந்தவர் பேரன். "மூத்தவாப்பாட கொலரை வாப்பாட கலியாணக் கோட்டு மாதிரி ஒடுக்கமாக்கித் தாங்க. பையில ஒரு லேஞ்சியும் வைங்க. ரெண்டு படத்தையும் பக்கத்தில மாட்டணும்" என்றார். கறை இருந்த இடமும் அவர் மாற்றச் சொன்ன இடமும் ஒன்றாகவே இருந்தன.

முதலில் 600 dpi-இல் ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பைத் தொடாமல் எடுத்து வைத்தேன். கொலரை ஒடுக்கினால், இதுவரை அதன் கீழே மறைந்திருந்த மார்புத் துணி வெளியே வரவேண்டும். படத்தில் அந்தத் துணி இல்லை. இணையத்தில் கிடைக்கும் கோட்டுத் துணியை ஒட்டினால் தனியாகத் துருத்தி நிற்கும், ஏனென்றால் இந்தப் படத்தின் கறுப்பு வெளிறிப் பழுப்பேறிய கறுப்பு. அதனால் கொலருக்குக் கீழே, அதே பக்கத்தில், அதே வெளிச்சம் விழுந்த இடத்திலிருந்து துணியை எடுத்து நிரப்பினேன். பிறகு Pen கருவியால் புதிய ஓரத்தை வரைந்தேன்.

இனி நிழல். பொத்தானுக்கு அருகே கொலர் உருண்டு மடிவதால் துணி மார்பைவிட்டுச் சற்று எழும்பி நிற்கும், அங்கே நிழல் அகலமாகவும் மங்கலாகவும் விழும். மேலே தோள்பக்கம் கொலர் படிந்து கிடப்பதால் ஓரத்தையொட்டி மெல்லிய கோடு மட்டும் போதும். ஒரே தடிப்பில் கோடு இழுத்தால் கத்தரித்து ஒட்டிய கடதாசிபோல் தெரிந்துவிடும். நிழலை Multiply அடுக்கில், படத்திலேயே உள்ள ஆகக் கருத்த நிறத்தைத் தொட்டெடுத்துப் பூசினேன்.

லேஞ்சிக்குச் சட்டைக் கொலரின் வெள்ளையை எடுத்தேன். அதைவிட வெளுத்தால் பார்ப்பவர் கண் முகத்தை விட்டு லேஞ்சிக்குப் போய்விடும். ஒரு விரல் அகலம் வெளியே தெரியும் நேர்மடிப்பு, பையின் சரிவோடு சேர்ந்த சாய்வு, பைக்குள் இறங்கும் இடத்தில் இருட்டு. வெளிச்சம் முகத்தில் எந்தப் பக்கம் விழுகிறதோ, மடிப்பின் அந்தப் பக்கமே பளிச்சிட வேண்டும். கடைசியில் Add Noise கொடுத்து, புதிய பகுதிகளின் மணிமணியான சொரசொரப்பைப் பழைய படத்தோடு சேர்த்தேன்.

சரிபார்க்க, மேலே ஒரு Curves அடுக்கு வைத்து அதை மிகச் செங்குத்தாக வளைத்துப் பார்ப்பேன். ஒட்டுப்போட்ட இடங்கள் உடனே திட்டுத்திட்டாய்க் காட்டிக்கொடுக்கும். இந்தப் படத்தில் பைக்கு மேலே ஒரு திட்டு தெரிந்தது, வேறு துணுக்கு எடுத்து அதை மூடினேன்.

பேரனுக்கு இரண்டு பிரதி அச்சிட்டுக் கொடுத்தேன். ஒடுங்கிய கொலரும் லேஞ்சியுமாய் ஒன்று, கறையோடு வந்தபடியே மற்றது. இரண்டாவதை அவர் கேட்கவில்லை. கற்பிட்டிக்குப் போய்வந்த படம் அதுதான் என்பதால் நானே சேர்த்து வைத்தேன்.