கன்ட்ரோல்-A மேக்குக்கு வந்த கதை

மேக்ல நோட்ஸ் ஆப்பைத் திறந்து கன்ட்ரோல்-A அழுத்திப் பாருங்க. கர்சர் பத்தியோட ஆரம்பத்துக்குத் தாவும். கன்ட்ரோல்-E அழுத்தினா கடைசிக்குப் போகும். இந்தப் பழக்கம் ஆப்பிளோடது இல்ல. 1976-ல எம்.ஐ.டி.யில ரிச்சர்ட் ஸ்டால்மனும் கூட இருந்தவங்களும் உருவாக்கின ஈமேக்ஸ் எடிட்டரோடது. ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கின நெக்ஸ்ட் கம்பெனியோட மென்பொருள்ல அது இடம்பிடிச்சது. 1997-ல ஆப்பிள் நெக்ஸ்டை வாங்கி, அந்த மென்பொருள் மேலதான் 2001-ல மேக் ஓஎஸ் எக்ஸைக் கட்டுச்சு. ஈமேக்ஸ் கீகளும் கூடவே வந்துடுச்சு.

விண்டோஸ்ல கன்ட்ரோல்-A எல்லாத்தையும் செலக்ட் பண்ணிடும். மேக்ல அந்த வேலை கமாண்ட் கீயோடது. கன்ட்ரோல் சும்மா இருந்துச்சு, அதனால மோதலே வரல. என்னைக் கேட்டா, இது தப்பிப் பிழைச்சதுக்குக் காரணமே அதுதான்.

எனக்குப் பிடிச்சது கன்ட்ரோல்-K. கர்சருக்கு அப்புறம் இருக்கிறதை வெட்டும், ஆனா கிளிப்போர்டைத் தொடாது. ஒரு லிங்க்கை காப்பி பண்ணி வச்சிருக்கீங்க, நடுவுல ஒரு வாக்கியத்தை இடம் மாத்தணும்னு வைங்க. கன்ட்ரோல்-K-ல வெட்டி, வேற இடத்துல கன்ட்ரோல்-Y அழுத்தினா வாக்கியம் வந்துடும். கமாண்ட்-V அழுத்தினா லிங்க்தான் வரும். ஆப்பிளோட டெக்ஸ்ட் பெட்டியைப் பயன்படுத்தாம, சொந்தமா ஒண்ணு செஞ்சுக்கிற சில ஆப்கள்ல மட்டும் இது வேலை செய்யாது.